சம்பளத்தோடு கல்வி விடுப்பு: பாண்டில் கையெழுத்திடும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்ணப்பம் போடும்போதே பாண்டைப் பற்றி விசாரித்தால் தப்பாக நினைப்பார்களோ? விடுப்பு கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

முன்பே கேளுங்கள். படித்துவிட்டுத் திரும்பி வந்து இத்தனை ஆண்டு வேலை பார்ப்பேன், தவறினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம்தான் பாண்டு. விடுப்பு ஒப்புதலாகி, கல்லூரியில் இடம் கிடைத்து, பயணத்துக்கு நாள் குறித்துவிட்டால், அப்புறம் எந்த நிபந்தனையைப் பற்றியும் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். பணியாளர் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மற்றவர்களின் விடுப்புக் கோப்புகள் தினமும் என் மேசைக்கு வரும். அப்படியிருந்தும், நானே கல்வி விடுப்பில் போனபோது, கடைசி வேலைநாள் மாலை நான்கு மணிக்குத்தான் பாண்டு என் கைக்கு வந்தது. மேசை ஓரத்தில் நின்றபடியே ஏழு பக்கத்தையும் புரட்டி, பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆறாம் பக்கத்தில் என்ன இருந்தது என்பது படிப்பு முடிந்து திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அது என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

கேட்பதில் தவறே இல்லை. பாண்டை முன்கூட்டி வாசிப்பவரைவிட, வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சண்டைக்கு வருபவரால்தான் நிர்வாகத்துக்குத் தொல்லை. “கல்வி விடுப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். தற்போது நடைமுறையில் உள்ள பாண்டுப் படிவத்தின் நகல் ஒன்று தர வேண்டுகிறேன்” என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

எங்கள் விடுப்பு விதியில் “திரும்பி வந்து மூன்றாண்டு பணியாற்ற வேண்டும்” என்று ஒரே வரிதான் இருக்கிறது. அதுதானே பாண்டு?

இல்லை. அந்த வரி விதி. பாண்டு என்பது நீங்களும் நிர்வாகமும், பல இடங்களில் ஜாமீன்தாரரும் சேர்ந்து கையெழுத்திடும் தனிப் பத்திரம். விதியில் ஒரு வரியாக இருப்பது பாண்டில் ஏழு பக்கமாக விரியும். பணம் எவ்வளவு, வட்டி உண்டா, எந்தச் சூழ்நிலையில் பிடிப்பார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

இடையில் ஒப்புதல் ஆணை என்று ஒரு தாளும் வரும். விடுப்பு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முழுச் சம்பளமா பாதிச் சம்பளமா என்பதை அதுதான் சொல்லும். இந்த மூன்றோடு நீங்கள் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பக் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே கோப்பில் கிடக்கும். பின்னால் ஒரு வழக்கு என்று வந்தால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாசிப்பார்கள். அதனால் நான்கிலும் விடுப்புக் காலமும் பணிக்காலமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். விதியில் மூன்றாண்டு, பாண்டில் “விடுப்புக் காலத்தின் இரு மடங்கு அல்லது மூன்றாண்டு, இதில் எது அதிகமோ அது” என்றெல்லாம் இருக்கும். இரண்டாண்டு விடுப்பில் போகிறவருக்கு இரண்டும் ஒன்று அல்ல. விதிப்படி மூன்று, பாண்டுப்படி நான்கு.

அந்த மூன்றாண்டு எப்போதிலிருந்து ஓடத் தொடங்கும்? படிப்பு முடிந்த நாளிலிருந்தா?

பெரும்பாலும், நீங்கள் திரும்பி வந்து பணியேற்பு அறிக்கை கொடுத்த நாளிலிருந்துதான். கடைசித் தேர்வு எழுதிய நாள், ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாள், பட்டம் வாங்கிய நாள் இவை எதற்கும் பாண்டுக் கணக்கில் இடமில்லை. சில பாண்டுகளில் மட்டும் “பட்டம் பெற்றதற்கான சான்றைச் சமர்ப்பித்த நாள் முதல்” என்று இருக்கும். இது ஆபத்தான வரி. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவீர்கள். வாய்மொழித் தேர்வு முடிந்து சான்று வர எட்டு மாதம் ஆகலாம். அந்த எட்டு மாதமும் நீங்கள் வேலை பார்த்திருப்பீர்கள், ஆனால் பாண்டுக் கணக்கில் ஒரு நாள்கூட ஏறியிருக்காது.

அடுத்து, எந்தெந்த நாள் “பணி” என்று எண்ணப்படும் என்பது. என் பாண்டின் ஆறாம் பக்கத்தில் இருந்தது இதுதான்: “ஊதியமில்லா விடுப்பு, அயற்பணி, மறு கல்வி விடுப்பு ஆகிய காலங்கள் பணிக்காலத்தில் சேரா.” திரும்பி வந்த பிறகு அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக நான் நான்கு மாதம் ஊதியமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தது. பாண்டு முடியும் தேதி நான்கு மாதம் தள்ளிப்போனது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் சம்பள விடுப்பு நாட்களை அந்த நேரத்துக்காகச் சேர்த்து வைத்திருப்பேன்.

மகப்பேறு விடுப்பு சேருமா, நீண்ட மருத்துவ விடுப்பு சேருமா என்று பாண்டில் வெளிப்படையாக இல்லையென்றால், எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ராஜினாமா அறிவிப்புக் காலம் கணக்கில் சேருமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

நடுவிலேயே வேலையை விட்டால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்? எப்படிக் கணக்கிடுவது?

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் யாரும் கையெழுத்திடக் கூடாது. தொகையை மாதச் சம்பளத்தின் கணக்கிலேயே சொல்கிறேன், யாருக்கும் பொருந்தும்.

ஒருவர் 18 மாதம் முழுச் சம்பளத்தோடு விடுப்பில் போகிறார். படிப்புக் கட்டணத்தையும் நிறுவனமே முதல் நாளில் கட்டிவிடுகிறது. அது அவருடைய 4 மாதச் சம்பளத்துக்குச் சமம். ஆக நிறுவனம் அவருக்காகச் செலவிட்டது 22 மாதச் சம்பளம். திரும்பி வந்து 36 மாதம் வேலை பார்க்க வேண்டும் என்பது பாண்டு. அவர் 24 மாதம் வேலை பார்த்துவிட்டு, குடும்பக் காரணத்தால் விலக வேண்டியதாகிறது.

பாண்டில் “பணியாற்றாத காலத்துக்கு ஏற்ப விகிதாசாரமாக” என்று இருந்தால், மீதி 12 மாதம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. 22-இல் மூன்றில் ஒரு பங்கு ஏறத்தாழ 7⅓ மாதச் சம்பளம். கஷ்டம்தான், ஆனால் கட்ட முடியாத தொகை அல்ல.

அதே இடத்தில் “பணிக்காலத்தை முழுமையாக நிறைவு செய்யத் தவறினால், பெற்ற தொகை முழுவதையும்” என்று இருந்தால், பார்த்த 24 மாத வேலைக்கு மதிப்பே இல்லை. 22 மாதச் சம்பளமும் திரும்பப் போக வேண்டும்.

இதோடு “ஒவ்வொரு தொகையும் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியுடன்” என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலையை விடும்போது விடுப்பு தொடங்கி 42 மாதம் ஆகியிருக்கும். முதல் நாளே கட்டிய கட்டணத்துக்கு மூன்றரை ஆண்டு வட்டி: 4 மாதச் சம்பளத்துக்கு 1.4. சம்பளம் மாதாமாதம் வந்தது என்பதால் சராசரியாக 33 மாதம், அதாவது இரண்டே முக்கால் ஆண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். 18 மாதச் சம்பளத்துக்குத் தனிவட்டி ஏறத்தாழ 5. எல்லாம் சேர்த்தால் 28 மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது.

ஆள் ஒருவர்தான், பார்த்த வேலையும் அதே இரண்டு ஆண்டுதான். ஒரு வாசகத்தில் ஏழு சொச்சம், இன்னொரு வாசகத்தில் இருபத்தெட்டு.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு, அதுதான் கண்ணில் படாமல் போகும். “நிறைவு செய்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும்.” பார்க்க விகிதாசாரம் போலவே இருக்கும். ஆனால் 24 மாதம் முடித்து விலகினால் 7⅓, 23 மாதத்தில் விலகினால் 14⅔. ஒரே ஒரு மாதத்துக்கு ஏழு மாதச் சம்பளம் விலை. இந்த வரி உங்கள் பாண்டில் இருந்தால், ராஜினாமா கடிதத்தின் தேதியை நாட்காட்டி பார்த்துத்தான் போட வேண்டும்.

உங்கள் பாண்டை வைத்து இதே கணக்கை மூன்று தேதிகளுக்குப் போட்டுப் பாருங்கள்: திரும்பியே வராவிட்டால், ஓராண்டில் விலகினால், கடைசி மாதத்துக்கு முந்தைய மாதம் விலகினால். போட முடியவில்லை என்றால் வாசகம் தெளிவாக இல்லை என்று அர்த்தம். அந்த இடத்தைத்தான் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

சம்பளத்தைத் திருப்பிக் கட்டு என்றால், கைக்கு வந்த சம்பளத்தைத்தானே?

பாண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. “வழங்கப்பட்ட ஊதியமும் படிகளும்” என்று இருந்தால் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தையே கேட்பார்கள். வரியாகவும் சேமநிதியாகவும் பிடித்துப் போனது, நீங்கள் கண்ணால் பார்க்காத பணம். அதையும் உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டி வரும். நிறுவனம் தன் பங்காகச் செலுத்திய சேமநிதித் தொகையையும் சில பாண்டுகள் சேர்த்துக்கொள்ளும்.

கட்டிய வரியைத் திரும்பப் பெற வழி உண்டா என்பது ஊருக்கு ஊர் மாறும், அதை வரி ஆலோசகரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் விடுப்புக் காலத்துச் சம்பளச் சீட்டுகளை மாதம் தவறாமல் எடுத்து வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. பின்னால் நிர்வாகம் ஒரு தொகையைச் சொல்லும்போது சரிபார்க்க அதைவிட்டால் வேறு ஆதாரம் இல்லை.

நானாக ராஜினாமா செய்தால்தானே இதெல்லாம்? நான் எங்கேயும் போகப் போவதில்லை.

பல பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பாண்டில் “தவறினால்” என்ற சொல் வரும் இடங்களை எல்லாம் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். ராஜினாமா அவற்றில் ஒன்றுதான். படிப்பைப் பாதியில் நிறுத்துவது, தேர்வில் தோற்பது, குறித்த காலத்தில் முடிக்காமல் நீட்டிப்புக் கேட்பது, அனுமதியில்லாமல் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றுவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை அனுப்பாமல் விடுவது எல்லாம் சில பாண்டுகளில் “தவறுதல்”தான்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. “எக்காரணத்தாலும் பணியில் தொடராவிட்டால்” என்ற வாசகம். “எக்காரணத்தாலும்” என்றால் ஆட்குறைப்பும் அதில் அடங்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததும், நோயால் வேலை செய்ய முடியாமல் போவதும், இறப்பும் அடங்கும். நிறுவனமே உங்களை அனுப்பிவிட்டு உங்களிடமே பணம் கேட்க அந்த ஒரு சொல் இடம் கொடுக்கிறது. அதற்குக் கீழே விதிவிலக்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மாற்றக் கேட்க வேண்டிய முதல் வாசகம் இதுதான்.

ஜாமீன்தாரர் இருவர் வேண்டும் என்கிறார்கள். நண்பர்கள் “சும்மா ஒரு கையெழுத்துதானே” என்கிறார்கள்.

சும்மா இல்லை. பெரும்பாலான பாண்டுகளில் “கூட்டாகவும் தனித்தனியாகவும்” பொறுப்பேற்கிறோம் என்று ஒரு சொற்றொடர் இருக்கும். இதன் பொருள், முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது. உங்களிடம் முதலில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போக வேண்டும் என்ற கட்டாயம்கூட இருக்காது. மூன்று பேர் இருப்பதால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றும் ஆகாது. நீங்கள் தொலைதூரத்தில் இருந்தால், அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கும் நண்பரின் சம்பளத்தில்தான் முதலில் கை வைப்பார்கள்.

இன்னும் ஒரு வரி இருக்கும்: விடுப்பை நீட்டித்தாலும் ஜாமீன் தொடரும் என்று. ஒன்றரை ஆண்டு என்று நம்பி கையெழுத்துப் போட்டவர், அவருக்குத் தெரியாமலேயே இரண்டரை ஆண்டுக்குப் பொறுப்பாகிவிடுவார். ஆகவே கையெழுத்து வாங்கும் முன், மேலே சொன்ன கணக்கில் வந்த மிகப் பெரிய தொகையை ஒரு தாளில் எழுதி அவர்களிடம் காட்டுங்கள். “அதிகபட்சம் இவ்வளவு வரலாம்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். நட்பைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான்.

இந்த மாதிரி பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பொதுவாக எந்த நீதிமன்றமும் ஒருவரை இழுத்து வந்து வேலை பார்க்க வைப்பதில்லை. கேட்பது பணமாகத்தான் இருக்கும். நிறுவனம் உண்மையிலேயே செலவழித்ததற்குப் பொருத்தமான தொகையா, மிரட்டுவதற்காக வைத்த தொகையா என்று பார்க்கும் வழக்கம் பல நாடுகளின் சட்டத்தில் உண்டு. சம்பளமும் கட்டணமும் கொடுத்துப் படிக்க அனுப்பிய நிறுவனத்தின் பக்கம் அந்த இடத்தில் வலுவாகவே இருக்கும். தவிர, வழக்கு என்ற நிலைக்குப் போகும் முன்பே விடுவிப்புக் கடிதமும் கடைசிக் கணக்கும் நின்றுபோகும். தொகை பெரிதாக இருந்தால் உங்கள் ஊர் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கையெழுத்துக்கு முன் காட்டிவிடுவது நல்லது.

அச்சடித்த படிவம்தானே, மாற்றவா போகிறார்கள்?

படிவத்தை மாற்றத் தயங்குவார்கள். ஆனால் ஒப்புதல் ஆணையில் ஒரு விளக்கம் சேர்க்கவோ, கேள்விக்கு எழுத்தில் பதில் தரவோ பல இடங்களில் தயங்குவதில்லை. பத்து கேள்வி கேட்காதீர்கள். பணத்தில் பெரிய மாற்றம் தரக்கூடிய இரண்டு மூன்றை மட்டும் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

“பாண்டின் 4-ஆம் பிரிவு தொடர்பாக இரு விளக்கங்கள் வேண்டுகிறேன். ஒன்று, பணிக்காலத்தின் ஒரு பகுதியை நிறைவு செய்திருந்தால், திரும்பச் செலுத்த வேண்டிய தொகை எஞ்சிய மாதங்களுக்கு ஏற்ப விகிதாசாரமாகக் குறையுமா? இரண்டு, நிர்வாகக் காரணத்தால் பணி முடிவுக்கு வந்தாலோ, மருத்துவக் காரணத்தால் பணியாற்ற இயலாமல் போனாலோ இப்பிரிவு பொருந்துமா? தங்கள் பதிலைப் பாண்டுடன் இணைத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.”

கடைசி வாக்கியம் முக்கியம். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று வாயால் சொன்னவர் நீங்கள் திரும்பி வரும்போது வேறு பிரிவுக்கு மாறியிருப்பார்.

விண்ணப்பத்தில் “கண்டிப்பாகத் திரும்பி வருவேன்” என்பதை எப்படி எழுதுவது? உருக்கமாக எழுதினால்தான் நம்புவார்களா?

உருக்கம் வேண்டாம், தேதி வேண்டும். நான் பார்த்த கடிதங்களில் பாதிக்குமேல் இப்படித்தான் இருக்கும்:

“படிப்பை வெற்றிகரமாக முடித்துத் திரும்பி வந்து, என் எஞ்சிய பணிக்காலம் முழுவதையும் இந்நிறுவனத்துக்கே அர்ப்பணிப்பேன் என உறுதி கூறுகிறேன்.”

எழுதியவரின் மனசு நல்ல மனசு. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு சிக்கல். “வெற்றிகரமாக முடித்து” என்று தேர்வு முடிவுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டார். அது முழுவதும் அவர் கையில் இல்லை. ஒரு தாள் தோற்றாலும் சொன்னபடி நடக்கவில்லை என்றாகும். “எஞ்சிய பணிக்காலம் முழுவதையும்” என்றது அடுத்த சிக்கல். பாண்டு கேட்டது மூன்றாண்டு, இவராகவே இருபது ஆண்டு கொடுத்துவிட்டார். நான்காம் ஆண்டு முறைப்படி விலகினாலும், மேலதிகாரி இந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவார்.

அதோடு, ஒப்புதல் தருபவர் தெரிந்துகொள்ள விரும்புவது எதுவும் இதில் இல்லை. எப்போது வருவார், எந்த வேலையில் உட்காருவார், கற்றுக்கொண்டு வருவது எதற்கு உதவும் என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் கடிதம் இப்படி இருக்கலாம். தர ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் 18 மாத முதுநிலைப் படிப்புக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள்:

“என் விடுப்பு முடியும் நாளுக்கு அடுத்த வேலைநாளில் பணியேற்பு அறிக்கை அளித்து, தற்போது வகிக்கும் பதவியிலோ அதற்கு இணையான பதவியிலோ சேர்வேன். அந்நாள் முதல் பாண்டில் குறிப்பிட்டுள்ள 36 மாதங்கள் பணியாற்ற ஒப்புக்கொள்கிறேன். படிப்பில் கற்கும் மாதிரிப் பகுப்பாய்வு முறையை நம் ஆய்வகத்தில் நடைமுறைப்படுத்தவும், உடன் பணிபுரியும் இருவருக்கு அதில் பயிற்சி அளிக்கவும் விரும்புகிறேன். படிப்புக் காலம் நீளும் நிலை ஏற்பட்டால், விடுப்பு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே எழுத்து மூலம் தெரிவிப்பேன். என் கடமைகள் பாண்டின் நிபந்தனைகளுக்கு உட்பட்டவை.”

ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்கிறேன். தேதியை “விடுப்பு முடியும் நாள்” என்பதோடு கட்டியிருக்கிறேன், படிப்பு முடியும் நாளோடு அல்ல. விடுப்பு முறைப்படி நீட்டிக்கப்பட்டால் வாக்கும் தானாக அதோடு நகரும். “அதற்கு இணையான பதவி” என்று நீங்களாகவே எழுதினால் அவர்களுக்கும் வசதி, உங்களுக்கும் கீழ்ப்பதவியில் உட்கார வைக்காமல் இருக்க ஒரு பிடி. பணியாற்றுவது “ஒப்புக்கொள்கிறேன்”, பயிற்சி கொடுப்பது “விரும்புகிறேன்”. இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். முதலாவது கடமை, அதற்கு உறுதியான சொல். இரண்டாவது திட்டம். கருவி வாங்க நிதி ஒதுக்குவார்களா என்பது உங்கள் கையில் இல்லாதபோது அதைக் கடமையாக எழுதக் கூடாது. கடைசி வாக்கியம் கடிதத்தைப் பாண்டுக்குக் கீழே வைக்கிறது. கடிதத்தில் ஒரு சொல் கூடிப்போனாலும் பாண்டுதான் பேசும்.

ஒருமுறை எழுதியதும் வாசித்துப் பார்த்து, “எப்போதும்”, “எந்நிலையிலும்”, “முழுவதும்” போன்ற சொற்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் கடிதம் தளர்ந்து தெரியாது. தேதியும் மாதக் கணக்கும் இருக்கும் கடிதம் தன்னாலேயே உறுதியாகத் தெரியும்.

இந்தப் படிப்பு முடிந்ததும் முனைவர் பட்டத்துக்கும் போகலாம் என்று உள்ளூர ஓர் ஆசை. அதை எழுதலாமா, மறைப்பதா?

ஆசையாக மட்டும் இருந்தால் எழுத வேண்டிய அவசியம் இல்லை. நாளைக்கு மாறலாம். ஆனால் ஏற்கெனவே விண்ணப்பம் போட்டு வைத்திருந்தாலோ, அங்கிருந்து அப்படியே தொடரப் போவதாக முடிவு செய்திருந்தாலோ, “திரும்பி வருவேன்” என்று எழுதுவது பொய். சம்பளத்தோடு விடுப்பு என்பது மற்றவர்கள் உங்கள் வேலையையும் சேர்த்துச் சுமக்கும் காலம். எங்கள் பிரிவில் ஒருவர் அப்படிப் போய்த் திரும்பாமல் இருந்தபின், அடுத்த மூன்று பேரின் விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன. அந்த மூன்று பேரின் முகமும் எனக்கு நினைவிருக்கிறது.

நேர்மையாகக் கேட்க இரண்டு வழி உண்டு. ஊதியமில்லா விடுப்பாகக் கேட்கலாம். திருப்பிக் கட்ட வேண்டிய தொகை மிகவும் குறைந்துவிடும், சில இடங்களில் பாண்டே இருக்காது. அல்லது, “இப்படிப்பின் தொடர்ச்சியாக முனைவர் ஆய்வுக்கு வாய்ப்பு அமைந்தால், பணிக்காலத்தை அதன்பின் நிறைவு செய்ய அனுமதி கோருவேன். அனுமதி கிடைக்காவிட்டால் குறித்த நாளில் பணியில் சேர்வேன்” என்று எழுதலாம். இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதலாவதை மட்டும் எழுதாதீர்கள்.

முன்பு ஒரு பயிற்சிக்குப் போட்ட பாண்டே இன்னும் ஓராண்டு பாக்கி இருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் ஓடுமா?

“ஒன்றன்பின் ஒன்றாக” என்று இருந்தால் இரண்டு காலமும் கூட்டப்படும், “ஒரே காலத்தில்” என்று இருந்தால் கூட்டப்படாது. எதுவும் எழுதியிருக்கவில்லை என்றால் கூட்டித்தான் கணக்கிடுவார்கள் என்று வைத்துக்கொண்டு, எழுத்தில் கேளுங்கள்.

திரும்பி வந்து சேர்ந்தாகிவிட்டது. இனிமேல் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

பணியேற்பு அறிக்கையை இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். 36 மாதத்தின் முதல் நாளுக்கு அதுதான் சாட்சி. பட்டச் சான்று வந்ததும் நகலை மட்டும் கொடுங்கள். மூலச் சான்றிதழைச் “சரிபார்ப்புக்காக” வாங்கி வைத்துக்கொள்ள முற்பட்டால், எதிரிலேயே சரிபார்த்துத் திருப்பித் தரக் கேளுங்கள்.

பாண்டுக் காலம் முடிந்ததும் தானாக யாரும் எதுவும் தர மாட்டார்கள். “இன்ன தேதியுடன் 36 மாதங்கள் நிறைவடைந்துள்ளன. பாண்டிலிருந்து என்னையும் என் ஜாமீன்தாரர்களையும் விடுவித்து ஆணை வழங்க வேண்டுகிறேன்” என்று நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். ஊதியமில்லா விடுப்பு ஏதாவது எடுத்திருந்தால் அத்தனை நாள் தள்ளித் தேதியைக் கணக்கிடுங்கள். விடுவிப்பு ஆணை வந்ததும் மூன்று நகல் எடுத்து, ஜாமீன் கையெழுத்துப் போட்ட இருவரிடமும் ஆளுக்கொன்றை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.